பழைய ஸ்கூட்டர்: நேரடி விற்பனையா, கன்சல்டிங்கா, எக்ஸ்சேஞ்சா? நஷ்ட சதவீதம் போட்டுப் பார்ப்போம்

நாலு வருஷம் ஓட்டிய ஸ்கூட்டரை விற்க நினைப்பவருக்குப் பெரும்பாலும் மூன்று விலைகள் கிடைக்கும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் 45,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஆட்டோ கன்சல்டிங் வைத்திருப்பவர் 40,000 என்கிறார். புது வண்டி பார்க்கப் போன ஷோரூமில், "36,000 போட்டுக்கறோம் சார், அதுக்கு மேல 3,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ்" என்கிறார்கள். 45, 40, 39 என்று வரிசை தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் "ஐயாயிரத்துக்காக அலையணுமா, எக்ஸ்சேஞ்சே பரவாயில்லையா" என்று கேட்டு எழுதுகிறவர்கள் பலரும் இந்த மூன்று எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான். இவை மூன்றும் வாயால் சொன்ன விலைகள். கையில் நிற்கும் தொகை வேறு.

ஓர் உதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். 110 சிசி ஸ்கூட்டர், 2021 கடைசியில் ரொக்கத்துக்கு வாங்கியது, ஆன் ரோடு விலை 85,000. முதல் ஓனர், விபத்து எதுவும் இல்லை. 2025 கடைசியில் விற்கிறார்கள். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வண்டியின் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு விஷயங்கள் போதும். எல்லாம் கழிந்தபின் கையில் நிற்கும் தொகை எவ்வளவு? அது எத்தனை சதவீத நஷ்டம்? எத்தனை நாள் பிடிக்கும்? ஆர்.சி.யில் உங்கள் பெயர் எப்போது மாறும்?

இதில் இரண்டாவதுதான் ஆளை ஏமாற்றும். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும்: வாங்கிய விலையோடு பழுதுபார்த்த செலவையும் சேர்த்தால் அடக்க விலை, நஷ்டத்தை அதனால் வகுத்து நூறால் பெருக்கினால் நஷ்ட சதவீதம். விதி சரிதான். ஒரு வண்டி, ஒரு விற்பனை என்றால் அதுவே போதும். ஆனால் மூன்று வழிகளை ஒப்பிடும்போது அது காலை வாரிவிடும். நேரடியாக விற்க 2,800 ரூபாய் செலவழித்து வண்டியைத் தயார் செய்தால் அடக்க விலை 87,800 ஆகிவிடுகிறது. கன்சல்டிங்கில் அப்படியே கொடுத்தால் 85,000தான். இரண்டு சதவீதங்களும் இரண்டு வேறு தொகைகளின் மேல் வந்தவை. நேரடி விற்பனையின் நஷ்டம் 42,800. பள்ளிக்கூட முறைப்படி அது 48.7 சதவீதம். கன்சல்டிங்கில் சொன்ன 40,000இல் பேப்பர் செலவு 1,500 கழிந்துவிடும், அதனால் நஷ்டம் 46,500, அதாவது 54.7 சதவீதம். வித்தியாசம் 6 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு 85,000க்குக் கணக்குப் போட்டால் 5,100 ரூபாய் வரும். உண்மையான வித்தியாசமோ 3,700 ரூபாய்தான்.

அதனால் ஒப்பீட்டுக்கு ஒரே அடித்தொகை: ஆரம்பத்தில் கொடுத்த 85,000. விற்பதற்காகச் செலவழித்ததை அடக்க விலையில் கூட்டாமல், வரும் பணத்திலிருந்து கழித்துவிட வேண்டும்.

கையில் நிற்பது = பேசி முடித்த விலை − விற்பதற்கான செலவு
நஷ்ட சதவீதம் = (85,000 − கையில் நிற்பது) ÷ 85,000 × 100

கடனில் வாங்கியவர்கள் வட்டியையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். 9,000 ரூபாய் வட்டி கட்டியிருந்தால் அடித்தொகை 94,000. நேரடி விற்பனையின் நஷ்டம் 51,800, அதாவது 55.1 சதவீதம். வண்டி உங்களுக்கு மொத்தம் என்ன செலவு வைத்தது என்பதற்கு இது சரியான எண். யாரிடம் விற்பது என்பதற்கு இது உதவாது. வட்டி மூன்று வழியிலும் ஒரே அளவுதான், போனது போனதுதான்.

## சந்தை உங்கள் 85,000ஐப் பார்ப்பதில்லை

வழிகளுக்குள் போகும் முன் ஒன்று. விற்பவர் தான் வாங்கிய விலையிலிருந்து கணக்குப் போடுகிறார். வாங்குபவர் இன்றைய புது வண்டி விலையிலிருந்து போடுகிறார். பல பேச்சுவார்த்தைகள் முறிவது இதனால்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி பத்துப் புள்ளி குறைந்தால் விலையும் பத்து சதவீதம் குறையும் என்று நினைக்க வேண்டாம். முன்பு 128 ஆக இருந்தது 118 ஆகிறது, அது 7.8 சதவீதக் குறைவு. எக்ஸ் ஷோரூம் விலை 80,000 இருந்த ஸ்கூட்டர், முழுக் குறைப்பும் வாடிக்கையாளருக்கு வந்தால் 73,750 ஆகும். புது வண்டியே 6,250 ரூபாய் இறங்கிய பிறகு, "போன வருஷம் இதே மாடல் 50க்குப் போச்சே" என்ற பேச்சு எடுபடாது. உங்கள் நஷ்ட சதவீதம் கூடியதற்கு வண்டியின் நிலைமை காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

## நேரடியாக விற்பது

மூன்றிலும் அதிகப் பணம் வருவது இதில்தான். அதிக வேலையும் இதில்தான்.

முதல் செலவு, வண்டியைத் தயார் செய்வது. நம் ஸ்கூட்டரில் செல்ஃப் எடுக்கவில்லை, பிரேக் தளர்ந்திருந்தது. புது பேட்டரி 1,300, சர்வீஸ் 900, பிரேக் ஷூ 400, வாட்டர் வாஷ் 200. ஆக மொத்தம் 2,800. இதைச் செய்யாமல் காட்டியபோது வந்த விலை 41,500, செய்தபின் 45,000. அதாவது 2,800 போட்டு 3,500 கூடுதலாக எடுத்தாயிற்று. லாபம் 700, போட்ட பணத்தின் மேல் 25 சதவீதம். நஷ்டத்துக்கு விற்கும் வண்டிக்குள்ளேயே லாபமான ஒரு சின்ன வியாபாரம் இருக்கிறது.

ஆனால் எல்லாச் செலவும் இப்படித் திரும்பி வராது. பின் டயர் பாதி தேய்ந்திருந்தது. புதிது போட 1,400 ஆகும். அதற்காக வாங்குபவர் கூடுதலாகத் தருவது 1,000 என்றால் 400 நஷ்டம், 28.6 சதவீதம். அதனால் டயரை விட்டுவிடலாம். வாங்குபவரைப் பயமுறுத்தும் குறைகளைச் சரிசெய்தால் பணம் திரும்பும் என்பது பொதுவாக நான் பார்த்தது. செல்ஃப் எடுக்காத வண்டியைப் பார்த்தால், பேட்டரி மட்டும்தான் போயிருக்கிறது என்று யாரும் நினைக்கமாட்டார்கள். இன்ஜினிலும் வேலை இருக்கும் என்று எண்ணி விலையில் மூவாயிரம் நாலாயிரம் கழிப்பார்கள். தேய்ந்த டயரில் பயம் கிடையாது, டயர் விலை எல்லோருக்கும் தெரியும். பெயின்ட் அடிப்பது இன்னும் மோசம். புதுப் பெயின்ட்டைப் பார்த்தாலே "எங்கேயோ விழுந்த வண்டி" என்ற சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது, நாள். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போகலாம். போனில் கேட்பவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வருபவர் ஓட்டிப் பார்க்கக் கேட்டால் அவர் வந்த வண்டியின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு கொடுங்கள், அல்லது பின்னால் உட்கார்ந்து போங்கள். பணம் அனுப்பிவிட்டதாகப் போனில் காட்டும் படத்தை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே சாவி.

மூன்றாவது, பெயர் மாற்றம். இதைச் செலவுப் பட்டியலில் எழுத முடியாது, ஆனால் பெரிய செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். படிவம் 29, படிவம் 30 இரண்டும்தான் அதற்கானவை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும், மாற்றிக்கொள்வது அவர் பாடு என்று நினைப்பவர்கள் அதிகம். ஆர்.சி.யில் பெயர் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் ஓனர் நீங்கள்தான். கைமாறிப் போன ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்கில், பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொன்னது. இன்சூரன்ஸ் இல்லாத நேரத்தில் அப்படி ஒன்று நடந்தால் 3,700 ரூபாய் லாபம் பார்த்த கணக்கெல்லாம் காணாமல் போய்விடும்.

நேரடி விற்பனையில் இதற்கு ஒரு வசதி உண்டு: வாங்குபவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். பேசும்போதே "சேர்ந்து போய் மாத்திடலாம், 2,000 ரூபாயைப் பெயர் மாறினதும் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிடலாம். அந்தப் பாக்கிப் பணம் அவருக்கும் பேரம் பேச வசதி, உங்களுக்கும் தொடர்பு அறுந்து போகாது.

கையில் நிற்பது 45,000 − 2,800 = 42,200. நஷ்டம் 42,800, அதாவது 50.4 சதவீதம்.

## ஆட்டோ கன்சல்டிங்கில் கொடுப்பது

இங்கே தயார் செய்யும் வேலை இல்லை. செல்ஃப் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, கிக் அடித்துப் பார்த்துவிட்டு விலை சொல்வார். சொன்ன விலை 40,000. பணம் எண்ணும்போது "பேப்பர் செலவு" என்று 1,500 கழிப்பார். பேச்சை ஆரம்பிக்கும்போதே "எல்லாம் போக கையில எவ்வளவு?" என்று கேட்டுவிடுவது நல்லது. பாக்கி இருக்கும் டிராஃபிக் அபராதத்தையும் அவர் கழிப்பார். அது எந்த வழியில் விற்றாலும் நீங்கள் கட்ட வேண்டியதுதான், முன்கூட்டியே ஆன்லைனில் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

அவர் ஏன் இவ்வளவு குறைத்துக் கேட்கிறார் என்று கோபப்படும் முன் அவர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். உங்களிடம் 38,500க்கு எடுக்கிறார். பேட்டரி, டயர், பாலிஷ் எல்லாம் சேர்த்து 3,500. ஆள் கொண்டுவந்த புரோக்கருக்கு 1,000. அவருடைய அடக்கம் 43,000. 47,000க்கு விற்றால் லாபம் 4,000; அடக்க விலையின் மேல் 9.3 சதவீதம். "எட்டரை பர்சென்ட்தான் சார் நிக்குது" என்று அவர் சொன்னால் அது பொய்யில்லை, விற்ற விலையின் மேல் போட்டுச் சொல்கிறார். அதே வண்டி இரண்டு மாதம் கடையில் நின்றால், இரண்டு வட்டிக்கு எடுத்த பணம் என்று வைத்துக்கொண்டால், விற்ற பிறகு கொடுக்கும் புரோக்கர் பணம் நீங்கலாக 42,000க்கு 1,680 வட்டி போய்விடும். மீதி லாபம் 2,320. அடக்கமும் 44,680 ஆகிவிட்டதால் 5.2 சதவீதம். வேகமாக விற்கும் வண்டிக்கு அவரால் கூடுதலாகத் தர முடியும், நிற்கும் வண்டிக்கு முடியாது. ஓடுகிற மாடலை வைத்திருப்பவர் கன்சல்டிங்கில் ஆயிரம் இரண்டாயிரம் அழுத்திப் பேசலாம். யாரும் கேட்காத மாடலை வைத்திருப்பவர் வந்த விலைக்குக் கொடுத்துவிடுவது மேல்.

உண்மையான அபாயம் ஓப்பன் பேப்பர். வாங்குபவர் பெயரை எழுதாமல் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். வண்டி எப்போது யாருக்கு விற்கிறதோ அப்போதுதான் பெயர் மாறும். அதுவரை வண்டி யாரோ ஓட்டுவார்கள், பெயர் உங்களுடையது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிகளின்படி, பதிவு பெற்ற பழைய வாகன டீலரிடம் ஒப்படைத்தால் அந்தத் தகவலைப் படிவம் 29சி மூலம் ஆன்லைனில் ஏற்றலாம். அதன் பிறகு வண்டிக்கு அவரே ஓனராகக் கருதப்படுவார். அதனால் விலை கேட்பதற்கு முன்னால் "உங்களிடம் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் இருக்கிறதா" என்று கேளுங்கள். இல்லையென்றால், தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் கடை சீலோடு கையெழுத்து, அவருடைய அடையாள அட்டை நகல், ஒப்படைத்த அன்று எடுத்த புகைப்படம், இவையாவது உங்களிடம் இருக்க வேண்டும். விற்ற தகவலை 14 நாளுக்குள் நீங்களே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுப்பதை அவர் தடுக்க முடியாது.

கையில் நிற்பது 38,500. நஷ்டம் 46,500, அதாவது 54.7 சதவீதம்.

## ஷோரூம் எக்ஸ்சேஞ்ச்

36,000 விலை, 3,000 போனஸ், ஆக 39,000. கன்சல்டிங்கில் கையில் நின்ற 38,500ஐவிட 500 கூடுதல் போலத் தெரியும். அப்படித் தெரியவேண்டும் என்றுதான் போனஸைத் தனியாகச் சொல்கிறார்கள்.

இதை உடைக்க ஒரே ஒரு கழித்தல் போதும். பழைய வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், முதலில் புது வண்டிக்கு ரொக்க விலைக் கொட்டேஷன் வாங்குங்கள். நம் உதாரணத்தில் 125 சிசி ஸ்கூட்டர், ஆன் ரோடு 1,05,000. ரொக்க வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியும் ஆக்சசரீஸும் சேர்த்து 2,500 விட்டுத் தருகிறார்கள். கட்ட வேண்டியது 1,02,500. அப்புறம் எக்ஸ்சேஞ்ச் கொட்டேஷன் கேளுங்கள். அதில் அந்த 2,500 இருக்காது: 1,05,000 − 39,000 = 66,000. இரண்டு கொட்டேஷனுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் 36,500. உங்கள் பழைய வண்டிக்கு அவர்கள் கொடுக்கும் உண்மையான விலை அதுதான். போனஸ் என்ற சொல் அந்தக் கழித்தலில் கரைந்துவிடும். பழைய போனைக் கொடுத்துப் புதுப் போன் எடுப்பவர்களும் இதே கழித்தலைச் செய்து பார்க்கலாம்.

சில பண்டிகைக் காலங்களில் போனஸ் கம்பெனியிலிருந்து வரும், ரொக்கத் தள்ளுபடியும் அப்படியே இருக்கும். அப்போது வித்தியாசம் முழு 39,000ஆக வந்து கன்சல்டிங்கை முந்திவிடும். அதனால்தான் இரண்டு கொட்டேஷனும் ஒரே நாளில் எழுத்தில் வேண்டும்.

பெயர் மாற்ற விஷயத்தில் பெரிய கடைதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் வந்த வண்டிகள் பெரும்பாலும் மொத்தமாக ஒரு கன்சல்டிங்காரருக்கே போகும். ஓப்பன் பேப்பர் ஒரு கை கூடுதலாக மாறுகிறது, அவ்வளவுதான். ஒப்படைத்த ரசீதில் வண்டி எண், சேசிஸ் எண், தேதி இருக்கட்டும்.

கையில் நிற்பது 36,500. நஷ்டம் 48,500, அதாவது 57.1 சதவீதம்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | நேரடி | கன்சல்டிங் | எக்ஸ்சேஞ்ச் |
|---|---|---|---|
| சொன்ன விலை | 45,000 | 40,000 | 39,000 |
| கழிவது | 2,800 | 1,500 | 2,500 |
| கையில் நிற்பது | 42,200 | 38,500 | 36,500 |
| 85,000 மேல் நஷ்டம் | 50.4% | 54.7% | 57.1% |
| பிடிக்கும் நாள் | இரண்டு மூன்று வாரம் | ஓரிரு நாள் | புது வண்டி எடுக்கும் அன்றே |
| பெயர் மாற்றம் | கூடப் போய் முடிக்கலாம் | அங்கீகாரம் உள்ளவரானால் நல்லது | விசாரித்துத் தொடர வேண்டும் |

50.4க்கும் 54.7க்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றலாம். அது 85,000 என்ற பெரிய எண்ணின் மேல் போட்டதால் வரும் தோற்றம். அந்த 3,700ஐக் கன்சல்டிங்கில் கிடைக்கும் 38,500இன் மேல் போட்டால் 9.6 சதவீதம் கூடுதல். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அது தகுமா என்பது உங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பொறுத்தது.

## எப்போது எது

நேரடி விற்பனைக்கு ஒரு கீழ்விலையை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2,800 செலவழித்தபின் 38,500 கையில் நிற்க, விலை 41,300 வர வேண்டும். அதற்குக் கீழே கேட்பவரோடு இழுத்துக்கொண்டிருப்பதில் பணம் எதுவும் இல்லை. தெரிந்தவர் வழியாக ஆள் கிடைக்கிறது, வண்டி நன்றாக ஓடும் மாடல், ஆர்.சி.யில் கடன் குறிப்பு இல்லை என்றால் நேரடிதான். ஃபைனான்ஸ் குறிப்பு இன்னும் ஆர்.சி.யில் இருந்தால், கடனை முடித்த வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் கொடுத்து முதலில் அதை நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை தனி நபர் யாரும் துணிந்து வாங்கமாட்டார்.

வெளியூருக்கு வேலை மாற்றம், வண்டி நிற்கும் இடத்தைக் காலி செய்ய வேண்டும், இன்ஜினில் பெரிய வேலை இருக்கிறது, இந்த மாதிரி நிலைமையில் அங்கீகாரம் பெற்ற கன்சல்டிங். இன்ஜின் வேலையை மறைத்துத் தனி நபரிடம் விற்றால் மறு வாரம் வாசலில் வந்து நிற்பார். கன்சல்டிங்காரர் அதைத் தானே கண்டுபிடித்துக் கழித்துக்கொள்வார், பிறகு வரமாட்டார்.

எக்ஸ்சேஞ்ச் எடுப்பதென்றால் இரண்டு கொட்டேஷன் வித்தியாசம் கன்சல்டிங்கில் கையில் நிற்பதற்கு ஆயிரம் ரூபாய்க்குள் வரட்டும். பழைய வண்டியும் புது வண்டியும் ஒரே நாளில் கைமாறும் வசதிக்கு அந்த ஆயிரத்தைக் கொடுக்கலாம், 2,000 கொடுக்க எனக்கு மனசு வராது.

எந்த வழியில் போனாலும், சொந்த சேத இன்சூரன்ஸை விடாமல் புதுப்பித்து, க்ளெய்ம் எதுவும் எடுக்காமல் இருந்திருந்தால் நோ க்ளெய்ம் போனஸ் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது வண்டியோடு போகாது, ஓனரோடு வரும். தொடர்ந்து நாலு வருஷம் க்ளெய்ம் இல்லை என்றால் புது வண்டியின் சொந்த சேதப் பிரீமியத்தில் 45 சதவீதம் குறையும். ஸ்கூட்டருக்கு அது சில நூறு ரூபாய்தான். மூன்று வருஷத்துக்குள் பயன்படுத்தலாம் என்பதால், உடனே புது வண்டி எடுக்காதவர்களும் வாங்கி வைக்கலாம்.